லிலித்தும் சிறுகோள்களும்: நுங்கம்பாக்கத்தில் இருந்து ஒரு கதை

போன வாரம் காக்களூரில் எங்கள் தெருவில் நடந்த ஒரு விஷயம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். பக்கத்து வீட்டு அக்காவுக்கு வரன் பார்க்கிறார்கள். சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை பார்ப்பவர். நம்மூர் ஜோசியர் பொருத்தம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். ஆனால் உறவுக்காரப் பையன் ஒருவன் பிறந்த தேதியை வெளிநாட்டு இணையதளம் ஒன்றில் போட்டு, "ஏழாம் வீட்டில் லிலித் இருக்கு, கல்யாணம் நிலைக்காது" என்று சொல்லிவிட்டான். கூடவே யூனோ, சாஃபோ என்று சில சிறுகோள்களின் பெயரையும் அடுக்கினான். அக்காவின் அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

"தம்பி, நீ வானவியல் எல்லாம் படிப்பியே, லிலித்னா என்ன?" என்று என்னைக் கேட்டார்கள். தேடிப் பார்த்ததில் கதை சுற்றிச் சுற்றி நம் சென்னைக்கே வந்து நின்றது.

முதலில் சிறுகோள்கள். 1801ல் இத்தாலியில் பியாட்சி என்பவர் சீரஸைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆறு ஆண்டுகளில் பல்லாஸ், யூனோ, வெஸ்டா என்று மூன்று கிடைத்தன. நம் கதைக்கு வேண்டியது 1861. அந்த ஆண்டு நார்மன் போக்சன் என்ற ஆங்கிலேயர் நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்துக்குப் பொறுப்பேற்று வந்தார். ஏப்ரல் 17ஆம் தேதி ஒரு புதிய சிறுகோளைக் கண்டுபிடித்தார். வேலை இப்படித்தான்: வானத்தின் ஒரு துண்டில் இருக்கும் மங்கலான நட்சத்திரங்களை எல்லாம் வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். வரைபடத்தில் இல்லாத ஒரு புள்ளி இருந்து, அது நாளுக்கு நாள் நகர்ந்தால் அது சிறுகோள். ஆசியக் கண்டத்தில் இருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு "ஏஷியா" என்றே பெயர் வைத்தார். 1864ல் இதே நுங்கம்பாக்கத்தில் இன்னொன்று கிடைத்தது. அதற்குப் பழைய கிரேக்கப் பெண் கவிஞர் சாஃபோவின் பெயரை வைத்தார்கள்.

ஆமாம், அந்தப் பையன் சொன்ன அதே சாஃபோ! இன்று மேல்நாட்டு ஜோதிடத்தில் காதல், கவிதை, பெண்களின் நட்பு என்று பலன் சொல்லும் அந்தக் கல், நம் காலேஜ் ரோடு பக்கம் இருந்து கண்டுபிடிக்கப்பட்டது. வானாய்வகத்தின் பழைய கருங்கல் தூண் இன்றும் அங்கே வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது.

இப்போது ஒன்று யோசியுங்கள். சாஃபோவுக்குக் காதல் பலன் எங்கிருந்து வந்தது? யாராவது நூறு ஜாதகங்களைப் பார்த்துக் கண்டுபிடித்தார்களா? இல்லை. பெயரில் இருந்து வந்தது. அன்று "மதராஸ்" என்று பெயர் வைத்திருந்தால் பலனும் வேறு மாதிரி இருந்திருக்கும். சிறுகோள்களை ஜாதகத்தில் போடும் பழக்கமே புதியது. 1973ல் எலினோர் பாக் என்ற அமெரிக்கப் பெண்மணி சீரஸ், பல்லாஸ், யூனோ, வெஸ்டா நான்குக்கும் நிலை அட்டவணை வெளியிட்ட பிறகுதான் அது பரவியது. அதற்கு முன் ஜோதிடர்கள் நினைத்தாலும் கையில் அட்டவணை இல்லை.

நம் மாநிலத்தில் இருந்தே இன்னொரு உதாரணம். எங்கள் ஊர் பெயரோடு பலரும் குழப்பிக்கொள்ளும் காவலூர், ஜவ்வாது மலையில் இருக்கிறது. அங்குள்ள வானாய்வகத்தில் 1988ல் ராஜமோகன் குழுவினர் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு 4130 ராமானுஜன் என்று கணித மேதையின் பெயர் வைக்கப்பட்டது. அந்தக் கல் ஒருவர் ஜாதகத்தில் சந்திரனோடு இருந்தால் அவருக்குக் கணக்கு வருமா? பெயரால் பலன் சொல்வது சரி என்றால், வரும் என்றுதான் சொல்லியாக வேண்டும் :)

இன்னொரு சிக்கல் எண்ணிக்கை. பெயர் வைக்கப்பட்ட சிறுகோள்கள் மட்டும் இன்று 20,000த்துக்கு மேல். ராசிச் சக்கரம் 360 பாகை. வகுத்துப் பார்த்தால் ஒவ்வொரு பாகையிலும் சராசரியாக ஐம்பதுக்கு மேல் நிற்கும். உங்கள் லக்னத்துக்கு இருபுறமும் ஒரு பாகை விட்டுப் பார்த்தால் நூறு பெயருக்கு மேல் கிடைக்கும். அதில் உங்களுக்குப் பொருந்தும் பெயர் ஒன்றாவது இருக்கத்தான் செய்யும். எல்லாருக்கும் எப்போதும் கிடைக்கிற ஒன்று யாரைப் பற்றியும் எதுவும் சொல்லாது.

சரி, லிலித்துக்கு வருவோம். இங்கே முதல் குழப்பம், ஒரே பெயரில் மூன்று லிலித்துகள் உண்டு. 1927ல் கண்டுபிடிக்கப்பட்ட 1181 லிலித் ஒரு நிஜமான சிறுகோள். 1898ல் ஜெர்மானியர் ஒருவர் பூமிக்கு இன்னொரு நிலா இருக்கிறது என்றார். 1918ல் செஃபாரியல் என்ற ஜோதிடர் அதற்கு லிலித் என்று பெயர் வைத்தார். அப்படி ஒரு நிலாவே இல்லை. மூன்றாவதுதான் இன்று இணையதளங்கள் காட்டும் கருநிலா. அது பொருளே அல்ல, ஒரு புள்ளி. நிலாவின் பாதை சரியான வட்டம் இல்லை. நிலா ஒரு சமயம் சுமார் 3,63,000 கிலோமீட்டர் தூரத்தில் வரும், இன்னொரு சமயம் சுமார் 4,05,000 கிலோமீட்டருக்குத் தள்ளிப் போகும். அந்தத் தூரமான இடம் இருக்கும் திசைதான் கருநிலா. அது மெல்ல நகர்ந்து 8.85 ஆண்டில் ஒரு சுற்று வருகிறது. ஒரு ராசியில் சுமார் ஒன்பது மாதம்.

இதைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது நம் சித்தாந்தங்களில் உள்ள சந்திர மந்தோச்சம்! சூரிய சித்தாந்தம் 43,20,000 ஆண்டு கொண்ட ஒரு மகாயுகத்தில் சந்திரனின் உச்சம் 4,88,203 முறை சுற்றும் என்கிறது. வகுத்துப் பாருங்கள், 8.849 ஆண்டு. நம் வாக்கியப் பஞ்சாங்கத்தில் வரும் 248 நாள் சுழற்சியும் இதே விஷயம்தான். சந்திரன் உச்சத்தில் இருந்து கிளம்பி ஒன்பது முறை உச்சத்துக்கு வந்து சேர ஏறக்குறைய 248 நாள். மதராஸ் வானாய்வகத்தின் முன்னாள் தலைவர் ஜான் வாரன், பாண்டிச்சேரியில் ஒரு தமிழ்க் கணிதர் சோழிகளைத் தரையில் வைத்து, மனப்பாடமாக வைத்திருந்த அட்டவணைகளைக் கொண்டே 1825ல் வந்த சந்திர கிரகணத்தைக் கணித்ததை எழுதி வைத்திருக்கிறார். பிழை ஒரு மணி நேரத்துக்குள்தான்.

ஆக, நம் முன்னோர் இந்தப் புள்ளியை நன்றாக அறிவார்கள். ஆனால் ராகு கேதுவுக்கு ஜாதகத்தில் கட்டம் கொடுத்தவர்கள் மந்தோச்சத்துக்குக் கொடுக்கவில்லை. எனக்குத் தோன்றும் காரணம் இது: ராகு கேது அருகே சூரிய சந்திரர் வந்தால் கிரகணம், அது கண்ணுக்குத் தெரியும். மந்தோச்சமோ சந்திரனின் வேகத்தைத் திருத்தும் கணக்கு. உச்சத்தின் அருகே சந்திரன் மெதுவாக நகர்வதால், சராசரிக் கணக்கில் வரும் இடத்தை அதிகபட்சம் சுமார் 5 பாகை கூட்டியோ குறைத்தோ திருத்துவார்கள்.

இந்த 5 பாகை சின்ன விஷயம் இல்லை. ஒரு நட்சத்திரத்தின் அகலமே 13 பாகை 20 கலைதான். திருத்தாமல் விட்டால் நட்சத்திரமே மாறிவிடலாம். பிறக்கும்போது நடப்பது சுக்கிர தசை என்றால் 20 ஆண்டில் ஏழரை ஆண்டு பிசகும். அதாவது உங்கள் நட்சத்திரத்துக்குள்ளும் தசை இருப்புக்குள்ளும் "லிலித்" ஏற்கெனவே வேலை செய்து முடித்துவிட்டது. அதை மறுபடி தனிக் கிரகம் மாதிரி வைத்துப் பலன் சொன்னால், ஒரே செலவை இரண்டு முறை கணக்கில் எழுதிய மாதிரி.

இப்போது அக்காவின் ஏழாம் வீடு. அவர் விவரத்தை வெளியிட முடியாது, அதனால் வேறு ஒரு தேதி. 2000 ஜனவரி 1, மாலை 5 மணி, திருவள்ளூர். மேல்நாட்டு முறையில் லக்னம் மிதுனம் 28 பாகை, லிலித் தனுசு 23 பாகை. ஒரு ராசியை ஒரு வீடாக எண்ணினால் ஏழாம் வீடு. அதே தளத்தில் வீட்டு முறையைப் பிளாசிடஸ் என்று மாற்றினால், ஏழாம் வீடு தனுசு 28ல்தான் தொடங்கும், லிலித் ஆறுக்குப் போய்விடும். நம் லஹிரி அயனாம்சம் சுமார் 24 பாகையைக் கழித்தால் லக்னம் மிதுனத்திலேயே இருக்கும், லிலித் விருச்சிகம் 29½க்கு வந்துவிடும். மறுபடி ஆறு. இதெல்லாம் "சராசரி" லிலித். "உண்மை" லிலித் என்று ஒரு தேர்வும் உண்டு. சூரியனின் இழுப்பால் அது முன்னும் பின்னும் அலையும். சில நாட்களில் இரண்டுக்கும் 25 பாகைக்கு மேல் வித்தியாசம் வரும். ஒரே ஆளுக்கு, ஒரே நேரத்துக்கு, ஒரு பொத்தானை மாற்றினால் வீடு மாறுகிறது.

இன்னொன்று, எந்தப் புள்ளியும் பன்னிரண்டில் ஒருவருக்கு ஏழாம் வீட்டில் இருக்கும். அறுபது பேர் வகுப்பில் ஐந்து பேர். அவர்கள் எல்லார் கல்யாணமும் முறியவா போகிறது?

மதராஸ் வானாய்வகத்தில் போக்சனிடம் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியை இங்கே நினைக்க வேண்டும். 1867ல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தவர். வருடக்கணக்காகச் சிறுகோள்கள் கண்டுபிடிக்கப்பட்ட இடத்திலேயே வேலை செய்தவர். பஞ்சாங்கத்தைச் சீர்திருத்த நினைத்தபோது அவர் முன்வைத்தது திருக்கணிதம், அதாவது ஏற்கெனவே உள்ள சூரியன், சந்திரன், கிரகங்களின் இடம் வானத்தில் பார்ப்பதோடு ஒத்துப்போக வேண்டும் என்பது. புதிது புதிதாகச் சேர்ப்பதை விட இருப்பதைச் சரியாகக் கணிப்பதுதான் அவருக்கு முக்கியமாகப் பட்டிருக்கிறது.

அதனால் புதிதாக ஜாதகம் பழகுபவர்களுக்கு என் பதில்: எடை பூஜ்ஜியம். பிறந்த நேரத்தைச் சரிபார்த்து லக்னம், சந்திரன், நட்சத்திரம், கிரகங்கள், தசை ஆகியவற்றைக் கையால் கணித்துப் பழகுங்கள். பிறகும் ஆசை இருந்தால் பார்க்கலாம், ஆனால் அதை மட்டும் வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம். ஜோதிடமே பலிக்குமா என்பது தனிக் கேள்வி, அதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. ஆனால் நம்புகிறவர்களின் சொந்த விதிப்படி பார்த்தாலும் லிலித்துக்கு இங்கே நாற்காலி இல்லை.

அக்காவிடம் வீட்டு முறையை மாற்றிக் காட்டினேன். லிலித் ஆறாம் வீட்டுக்கு ஓடியதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். அவர் அம்மா, "அப்போ அது ஒரு கணக்குதானா?" என்று கேட்டார். "ஆமாம் அத்தை, கணக்குதான்" என்றேன். அன்று ராத்திரி அவர் சாப்பிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள்.