சேவு நிறுவையில், பட்டாசு பெட்டியில்

எங்கள் சாத்தூரில் காராச்சேவை யாரும் பெட்டிக் கணக்கில் கேட்பதில்லை. கால் கிலோ, அரை கிலோ என்று நிறுத்துத்தான் வாங்குகிறோம். ஆனால் தீபாவளி வந்தால் அதே நாம் பட்டாசுக்கு ‘கிஃப்ட் பாக்ஸ்’ வாங்குகிறோம். ஒரே விலை, உள்ளே இருபத்தைந்து, முப்பது வகை. இது எப்படி வந்தது, யாருக்கு லாபம் என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்த கதை நமக்குத் தெரியும். அடுத்த ஆண்டு தீப்பெட்டி, பின்னர் பட்டாசு என்று தொழில் வளர்ந்தது. என் சிறு வயதில் பட்டாசு என்றால் உதிரிதான். அப்பா கடையில் நின்று, மத்தாப்பு இத்தனை பெட்டி, சக்கரம் இத்தனை என்று சொல்லி வாங்குவார். கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து, விலை போட்டு, கூட்டிச் சொல்வதற்குள் பின்னால் கூட்டம் நெருக்கும். பெட்டி வந்ததும் அந்த வேலை போயிற்று. ஆனால் நேரம் மிச்சமாவது மட்டும் காரணமல்ல.

இதன் கணக்கை விளக்கியவர் ஜார்ஜ் ஸ்டிக்லர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர். அங்கே பழைய சினிமாப் படங்களைத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு விற்றவர்கள், நல்ல படம் வேண்டுமென்றால் சாதாரணப் படங்களையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார்கள். 1962இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அது தவறு என்றது. விற்பவர் ஏன் அப்படிச் செய்கிறார் என்று 1963இல் ஸ்டிக்லர் ஒரு சிறு கட்டுரை எழுதினார். அவர் சொன்னதை நம் ஊர்ப் பட்டாசில் வைத்துப் பார்ப்போம்.

இரண்டு வீடுகள். முதல் வீட்டில் சின்னக் குழந்தைகள். மத்தாப்பு வகைக்கு 300 ரூபாய் வரை கொடுப்பார்கள், வெடிக்கு 100 ரூபாய்தான். இரண்டாம் வீட்டில் வளர்ந்த பையன்கள். வெடிக்கு 300, மத்தாப்புக்கு 100. கடைக்காரர் இரண்டையும் தனித்தனியே 300 என்று விற்றால், ஆளுக்கு ஒன்று வாங்குவார்கள், வரவு 600. எல்லோரும் வாங்கட்டும் என்று 100 ஆக்கினால் நான்கும் போகும், வரவு 400தான். இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு 400 என்றால், இரண்டு வீடும் வாங்கும், வரவு 800. ஆசை எதிரெதிராக இருப்பதால்தான் இது நடக்கிறது. இருவருக்கும் ஒரே பொருள்தான் பிடிக்கும் என்றால் பெட்டியால் பெரிய பலன் இல்லை.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. ஒவ்வொரு வகைக்கும் அடக்க விலை 50 ரூபாய் என்றால், தனியே 300க்கு விற்றதில் லாபம் 500, பெட்டியில் 600. அடக்கமே 150 என்றால் தனியே விற்றதில் லாபம் 300, பெட்டியில் 200தான். 100 ரூபாய் மதிப்புக்கு மேல் நினைக்காதவருக்கு 150 ரூபாய்ச் சரக்கைக் கொடுத்துவிடுகிறோமே! ஆகவே சேர்த்துக் கொடுக்கும் பண்டம் செய்வதற்கு மலிவாக இருக்க வேண்டும். ஓட்டல் சாப்பாட்டில் அப்பளமும் ரசமும் தாராளமாக வருவதும் இதனால்தான். நான் படித்த பிரெஞ்சில் ‘மெனு’ என்றால் விலைப் பட்டியல் அல்ல. ஒரே விலைக்கு வரிசையாக வரும் முழுச் சாப்பாடு. வேண்டியதைத் தனித்தனியே தேர்ந்தெடுக்கும் பட்டியலுக்குப் பெயர் ‘கார்த்’. அங்கேயும் இதே கணக்குத்தான்.

இனி வாங்குபவர் பக்கம். பெட்டி மேலே ‘30 ஐட்டம்’ என்று பெரிதாகப் போட்டிருக்கும். பாம்பு மாத்திரை ஒரு ஐட்டம், ரோல் கேப் ஒரு ஐட்டம், கலர் தீப்பெட்டி ஒரு ஐட்டம். பெரிய புஸ்வாணமும் ஒரு ஐட்டம்தான். போன வருடம் தேங்கிய சரக்கும் உள்ளே ஒதுங்க இடமுண்டு. மேலே அச்சிட்ட விலையையும் அதில் கொடுக்கும் தள்ளுபடியையும் நம்பிப் பயனில்லை; அந்த விலைக்கு யாரும் விற்பதில்லை.

நான் செய்வது இதுதான். பெட்டியில் உள்ள பட்டியலைப் படிப்பேன். கம்பி மத்தாப்பு 7 சென்டிமீட்டரா 15 சென்டிமீட்டரா, எத்தனை குச்சி என்று பார்ப்பேன். பேரப்பிள்ளைகள் உண்மையில் கொளுத்தும் வகைகளை மட்டும் குறித்து, அவற்றின் உதிரி விலையை அதே கடையில் கேட்டுக் கூட்டுவேன். கூட்டியது பெட்டி விலையைத் தாண்டினால் பெட்டி, குறைந்தால் உதிரி. போன தீபாவளிக்கு உதிரிதான் வந்தது.

சேவு ஏன் இன்னும் நிறுவையில் இருக்கிறது என்பதும் இப்போது எனக்குப் புரிகிறது. கடலை மாவும் எண்ணெயும் விலை கூடியவை. பிடிக்காத பண்டத்தோடு சேர்த்து வாரிக் கொடுத்தால் கடைக்காரருக்குக் கட்டாது. அதோடு, ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டுத்தானே நாம் வாங்குகிறோம். பட்டாசைக் கொளுத்திப் பார்த்து வாங்க முடியுமா?