மதுரைத் திட்டமும் ஔவையார் சோதனையும்

இருக்கன்குடியில உட்கார்ந்து போன்ல பழைய தமிழ் நூல் தேடினா, பெரும்பாலும் மதுரைத் திட்டத்துக்குத்தான் போய்ச் சேருவோம். 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனனும் தன்னார்வலர்களோடு தொடங்கியது அது. நூலின் முகப்பிலேயே தட்டச்சு செய்தவர், பிழை திருத்தியவர் பெயர்கள் இருக்கும். பொறுப்பு யாருன்னு தெரியும்.

பெயரே போடாத தளத்தை எப்படி எடை போடுறது? ஔவையார் பாடல் உள்ள பக்கத்துல 'ஔவையார்'னு தேடுங்க. பெயர் கண்ணுக்குத் தெரிஞ்சும் தேடல்ல சிக்கலைன்னா, 'ஔ'வை 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்தாக அடித்திருக்கலாம். திருத்தியவர் கவனிக்கவில்லை என்று அர்த்தம்.

சிக்கினாலும் போதாது. விடுபட்ட வரியை இந்தச் சோதனை காட்டாது. அதுக்கு, தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் அச்சுப் பிரதியின் ஸ்கேன் இருந்தா, ஒரு பக்கத்தையாவது வரிக்கு வரி ஒப்பிடணும்.