திரையில் படம் ஏன் 'கிழிகிறது'? வி-சிங்க், அடாப்டிவ் சிங்க்: எதை எப்போது போடலாம்?

கணினி விளையாட்டில் வேகமாகப் பக்கவாட்டில் திரும்புகிறீர்கள். எதிரே இருக்கும் தூண் ஒரு கணம் நடுவில் வெட்டுப்பட்டதுபோல் தெரிகிறது. மேல்பாதி ஓரிடத்தில், கீழ்ப்பாதி கொஞ்சம் தள்ளி.

மானிட்டர் பழுதாகிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். இதற்குப் பெயர் 'ஸ்கிரீன் டேரிங்', அதாவது திரைக் கிழிசல். அதைத் தடுக்க இரண்டு வழிகள் உண்டு. ஆனால் ஒன்றுக்கு நீங்கள் கொடுக்கும் விலை, தாமதம்.

கிழிசல் எப்படி வருகிறது?

மானிட்டர் ஒரு படத்தை ஒரே நொடியில் 'டக்' என்று காட்டிவிடுவதில்லை. மேலிருந்து கீழாக, வரி வரியாக வரைகிறது. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒரு விநாடிக்கு 60 முறை, அதாவது 16.7 மில்லிவிநாடிக்கு ஒருமுறை, புதிதாக வரையத் தொடங்கும்.

கிராஃபிக்ஸ் கார்டு அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. ஒரு ஃபிரேம் தயாரானதும் அனுப்பிவிடும். மானிட்டர் பாதி வரைந்திருக்கும்போது புது ஃபிரேம் வந்தால், மீதிப் பாதி அந்தப் புதுப் படத்திலிருந்து வரையப்படும். இரண்டு படங்களும் சேரும் கோடுதான் கிழிசல்.

காட்சி விநாடிக்கு 1,200 பிக்சல் வேகத்தில் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 60 ஃபிரேம் வந்தால், கோட்டின் மேலும் கீழும் 20 பிக்சல் வித்தியாசம் இருக்கும். 144 ஃபிரேம் வந்தால் சுமார் 8 பிக்சல்தான். அதனால்தான் ஃபிரேம் கூடக் கூடக் கிழிசல் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை.

வி-சிங்க் என்ன செய்கிறது?

நேர அட்டவணைப்படி ஓடும் பேருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். 16.7 மில்லிவிநாடிக்கு ஒரு பேருந்து. ஃபிரேம் தயாராக இருந்தால் ஏறலாம். ஒரு கணம் பிந்தினாலும் அடுத்த பேருந்துதான். ஒரு படம் முழுதாக வரைந்து முடிந்த பிறகே அடுத்தது மாறும் என்பதால் கிழிசல் இருக்காது.

சிக்கல் இரண்டு விதமாக வரும்.

முதலாவது, கார்டு மெதுவாக இருக்கும்போது. ஒரு ஃபிரேம் தயாராக 20 மில்லிவிநாடி ஆகிறது என்றால், விநாடிக்கு 50 ஃபிரேம் கிடைக்க வேண்டும். ஆனால் 16.7-இல் கிளம்பிய பேருந்தை அது விட்டுவிட்டது. அடுத்தது 33.3-இல்தான். வழக்கமான இரண்டு பஃபர் முறையில், அதுவரை கார்டு அடுத்த ஃபிரேமைத் தொடங்கவும் முடியாது. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இதே கதை. 50 ஃபிரேம் தரக்கூடிய கணினி 30 மட்டுமே தருகிறது. திடீரென்று விளையாட்டு கனத்துப்போனதுபோல் இருப்பது இதனால்தான்.

இரண்டாவது, கார்டு ரொம்ப வேகமாக இருக்கும்போது. 5 மில்லிவிநாடியில் ஃபிரேம் தயார், ஆனால் பேருந்து வரவில்லை. தயாரான ஃபிரேம்கள் வரிசையில் நிற்கின்றன. முன்னால் 2 ஃபிரேம் நின்றால் 33 மில்லிவிநாடி கூடுதல் காத்திருப்பு. நீங்கள் மவுஸை அழுத்திய நேரம் எப்போதோ போய்விட்டது, திரை பழைய கதையைக் காட்டிக்கொண்டிருக்கிறது. மவுஸ் ரப்பரில் இழுப்பதுபோல் இருக்கிறது என்று பலர் சொல்வது இதைத்தான்.

அடாப்டிவ் சிங்க் எப்படி வேறுபடுகிறது?

இது டாக்சி மாதிரி. நீங்கள் ஏறியதும் கிளம்பும். மானிட்டர் தன் கணக்கை விட்டுவிட்டு, ஃபிரேம் தயாராகும்வரை காத்திருந்து வரையத் தொடங்கும். அதே 20 மில்லிவிநாடி ஃபிரேம், 20 மில்லிவிநாடியிலேயே திரைக்கு வந்துவிடும். 50 ஃபிரேம் என்றால் மானிட்டரும் 50 ஹெர்ட்ஸ். கிழிசலும் இல்லை, வீண் காத்திருப்பும் இல்லை.

என்விடியா 2013-இல் ஜி-சிங்க்கை அறிவித்தது. 2014-இல் வீசா அமைப்பு அடாப்டிவ் சிங்க்கை டிஸ்ப்ளேபோர்ட் தரநிலையில் சேர்த்தது. அதை அடிப்படையாகக் கொண்டதுதான் ஏஎம்டியின் ஃப்ரீசிங்க். 2019 முதல் என்விடியா கார்டுகளும் அடாப்டிவ் சிங்க் மானிட்டர்களோடு வேலை செய்கின்றன.

அப்படியென்றால் குறையே இல்லையா?

இருக்கிறது. டாக்சிக்கும் எல்லை உண்டு. மானிட்டர் பெட்டியில் 48-144 ஹெர்ட்ஸ் என்று இருந்தால், அந்த இடைவெளிக்குள்தான் எல்லாம் சுமுகம்.

மேல் எல்லை: 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 6.9 மில்லிவிநாடிக்கு முன் அடுத்த படத்தைத் தொடங்க முடியாது. விளையாட்டு 200 ஃபிரேம் தந்தால் அடாப்டிவ் சிங்க் உதவாது. வி-சிங்க் போட்டிருந்தால் பழையபடி வரிசை, தாமதம். போடாவிட்டால் மறுபடியும் கிழிசல்.

கீழ் எல்லை: 40 ஃபிரேம் வந்தால், நல்ல மானிட்டரில் ஒவ்வொரு ஃபிரேமும் இருமுறை காட்டப்பட்டு 80 ஹெர்ட்ஸில் ஓடும். ஆனால் 48-75 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 80-க்கு இடமே இல்லை. அங்கே கிழிசலோ தடுமாற்றமோ திரும்பி வரும். வாங்கும்முன் பார்க்க வேண்டியது இதுதான்: பெரிய எண், சின்ன எண்ணைப்போல் இரு மடங்காவது இருக்கிறதா?

இன்னொன்று, சில மானிட்டர்களில், குறிப்பாக விஏ வகையில், ஃபிரேம் எண்ணிக்கை சட்டென்று ஏறி இறங்கும்போது வெளிச்சம் சிமிட்டும். இருட்டுக் காட்சிகளில் அது நன்றாகத் தெரியும்.

சரி, எப்படி அமைப்பது?

144 ஹெர்ட்ஸ் மானிட்டரை எடுத்துக்கொள்வோம்.

1. விண்டோஸின் Advanced display பகுதியில் உண்மையிலேயே 144 இருக்கிறதா என்று பாருங்கள். புது மானிட்டரை 60-இலேயே ஓட்டுபவர்கள் உண்டு.

2. மானிட்டர் மெனுவில் Adaptive-Sync அல்லது FreeSync, கார்டின் மென்பொருளில் G-SYNC அல்லது FreeSync, இரண்டையும் போடுங்கள். ஒன்றை மட்டும் போட்டால் வேலை செய்யாது.

3. விளையாட்டின் ஃபிரேம் வரம்பை 140-இல் வையுங்கள். எல்லையைத் தொடாமல் 3 அல்லது 4 குறைவாக இருப்பதுதான் முக்கியம். வரிசை உருவாகாது.

4. கார்டின் மென்பொருளில் வி-சிங்க் போடுங்கள், விளையாட்டுக்குள் நிறுத்துங்கள். வரம்பு இருப்பதால் அது எப்போதாவது எல்லை தாண்டும் ஃபிரேமை மட்டும் பிடிக்கும். தாமதம் கிட்டத்தட்ட இல்லை.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? மானிட்டர் மெனுவில் ஹெர்ட்ஸ் எண் காட்டும் வசதி இருந்தால், விளையாடும்போது அது ஃபிரேம் எண்ணிக்கையோடு சேர்ந்து மாற வேண்டும். 144-இலேயே உட்கார்ந்திருந்தால், எங்கோ ஒரு இடத்தில் போட மறந்திருக்கிறீர்கள்.

எல்லாவற்றையும் நிறுத்துபவர்கள் ஏன்?

கவுன்டர்-ஸ்ட்ரைக், வேலொரண்ட் போன்ற விளையாட்டுகளில் கணினி 300 ஃபிரேம் தந்தால், சிலர் இரண்டு சிங்க்கையும் நிறுத்திவிடுவார்கள். அதிலும் நியாயம் உண்டு. கிழிசல் கோட்டுக்குக் கீழே இருப்பது மேலே இருப்பதைவிடப் புதிய படம். அதாவது, புதுத் தகவல் அடுத்த சுற்றுவரை காத்திருக்காமல் பாதியிலேயே வந்துவிடுகிறது. 144 ஹெர்ட்ஸில் மிச்சமாவது ஓரிரு மில்லிவிநாடிதான். போட்டியில் இறங்குபவருக்கு அது பெரிதாக இருக்கலாம்.

மற்றபடி, கதை விளையாட்டோ கார் பந்தயமோ, ஃபிரேம் 60-க்கும் 120-க்கும் இடையே ஏறி இறங்கும் இடத்தில் அடாப்டிவ் சிங்க்கும் ஃபிரேம் வரம்பும் சேர்ந்தே இருக்கட்டும். உங்கள் மானிட்டரில் அடாப்டிவ் சிங்க் இல்லை, கிழிசலும் கண்ணை உறுத்துகிறது என்றால் மட்டும் வி-சிங்க்கைத் தனியாகப் போடுங்கள். அப்போது மவுஸ் கொஞ்சம் கனக்கும், அதுதான் அதன் விலை.