இரண்டு முறை புதைந்த காசு

யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் அடித்த சேதுக் காசில் ஆண்டு கிடையாது. ஒரு பக்கம் நிற்கும் மனித உருவம். மறுபக்கம் படுத்திருக்கும் நந்தி, அதன் கீழே தமிழில் ‘சேது’ என்ற இரண்டெழுத்து. சேதுவின் காவலர் என்று தங்களைச் சொல்லிக்கொண்ட அரசகுடி அது. 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் கையில் விழுந்ததோடு அந்த அரசு காசடித்த கதையும் முடிந்தது.

அப்படிப்பட்ட ஒரு காசின் படம் என் மேசையில் இருக்கிறது. நாரந்தனையில் என் பெரியம்மா வீட்டுப் பெட்டியில் இருந்த பதினொரு செப்புக் காசுகளில் அது ஒன்று. அவற்றைத் தொல்லியல் துறையிடம் ஒப்படைக்க வீட்டார் முடிவெடுத்தார்கள். எதற்கு முதலில் சிகிச்சை தேவை என்று படங்களைப் பார்த்து வரிசைப்படுத்தித் தரும் வேலை என்னிடம் வந்தது. வரிசையில் இந்தக் காசு எங்கே நிற்கிறது என்பதைச் சொல்ல, அது வந்த வழியைச் சொல்ல வேண்டும். வழியில் பட்டதெல்லாம் அதன் முகத்தில் இருக்கிறது.

காசு பிறந்தது சுத்தியலின் கீழே. கீழ் அச்சின்மேல் செப்பு வில்லையை வைத்து, மேல் அச்சை அதன்மீது பிடித்து, ஒரே அடி. வில்லை கொஞ்சம் விலகினால் ‘சே’ மட்டும் விழும், ‘து’ வெளியே போய்விடும். அடி சரிந்தால் ஒரு பக்கத்தில் உருவம் ஆழமாகவும் மறுபக்கத்தில் மங்கலாகவும் வரும். ஆகவே இந்தக் காசுகளில் பல, கைமாறத் தொடங்குவதற்கு முன்பே குறையோடு பிறந்தவை. அமெரிக்கரான ஷெல்டன் 1949இல் தந்த 1 முதல் 70 வரையான மதிப்பெண் அளவுகோல், அவர்கள் நாட்டுப் பழைய பெரிய சென்ட் காசுகளுக்காகச் செய்யப்பட்டது. ஒரே மாதிரியாகப் பிறந்த காசு எவ்வளவு தேய்ந்தது என்பதை அது நன்றாகச் சொல்லும். சேதுக் காசுக்கு அதைப் பிடித்தால், பிறவிக் குறைக்கும் தேய்மானத்துக்கும் ஒரே தண்டனை கிடைக்கும்.

இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. நந்தியின் திமில் மங்கலாக இருந்தால், காசைத் திருப்பி அதே இடத்துக்கு நேர் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அங்கேயும் உருவம் மங்கலென்றால் பெரும்பாலும் அடிதான் அங்கே பலமாக விழவில்லை. பின்புறம் தெளிவாக இருந்து திமில் மட்டும் வழவழப்பாக மழுங்கியிருந்தால் அது கைகளின் வேலை. தேய்மானம் எப்போதும் மேட்டிலிருந்துதான் தொடங்கும். முதலில் திமில் போகும், பிறகு மனித உருவத்தின் மார்பு, கடைசியில்தான் எழுத்து. இதனால்தான் ஒவ்வொரு காசுக்கும் இரண்டு பக்கமும் படம் வேண்டும் என்று கேட்டேன். ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பினால் இந்தக் கேள்விக்கு விடையே கிடையாது.

நாரந்தனை ஊர்காவற்றுறைக்கு அருகே இருக்கும் ஊர். அந்தத் துறை எவ்வளவு பழையதென்று நயினாதீவில் உள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது. அதில் ஊராத்துறை எனப்படும் இந்தத் துறைக்கு வரும் கப்பல் உடைந்தால், யானையும் குதிரையும் கொண்டுவந்த கப்பலென்றால் கால் பங்கு பண்டாரத்துக்கு, சரக்குக் கப்பலென்றால் பாதி என்பது அதில் உள்ள கட்டளை. 12ஆம் நூற்றாண்டிலேயே இப்படிச் சட்டம் போடும் அளவுக்குப் போக்குவரத்து இருந்த துறை. அதை ஒட்டிய ஊரில் செப்புக் காசு புழங்கியதில் வியப்பில்லை. ஆனால் என் மேசையிலுள்ள படத்தில் இருக்கும் காசு அதிகம் புழங்கவில்லை. திமிலின் வளைவு இன்னும் நிற்கிறது, ‘சேது’ முழுசாக இருக்கிறது. சில கைகள் மாறிய உடனே அது மண்ணுக்குள் போயிருக்க வேண்டும்.

மண்ணுக்குள்தான் நிறம் ஏறுகிறது. தீவகத்து நிலம் சுண்ணாம்புக் கல், காற்றிலும் நீரிலும் உப்பு. செம்பின்மேல் மெல்ல மெல்லப் பழுப்பும் பிறகு கடும்பச்சையும் படிகின்றன. கெட்டியாக, வழவழப்பாக, லேசான பளபளப்போடு ஒட்டிக்கிடக்கும் கடும்பச்சை, காசுக்குக் கவசம். அந்தத் தோலில்தான் எழுத்தின் கடைசி வடிவம் தங்கியிருக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு செம்போடு சேர்ந்து தோலுக்கு அடியில் உறங்குவது வேறு கதை. ஈரமும் காற்றும் அதைத் தொட்டால் வெளிர்பச்சைப் பொடியாகப் பொங்கும். பொங்கும்போது அமிலம் உண்டாகும். அந்த அமிலம் இன்னும் கொஞ்சம் செம்பைத் தின்று மறுபடியும் பொங்கும். காசைச் சுற்றிய காற்றின் ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் இது ஏறக்குறைய அடங்கிக் கிடக்கும். கடல் சூழ்ந்த ஊரில் சாதாரண அலுமாரிக்குள் அவ்வளவு வறட்சி கிடைக்காது.

எங்கள் அப்பு தோட்டம் கொத்தும்போது இந்தக் காசுகளைக் கண்டெடுத்தார். பல ஆண்டுகள் பெட்டிக்குள் சும்மா கிடந்தன. 1990களின் தொடக்கத்தில் தீவகத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, பெரியம்மா அவற்றை ஒரு பால்மாப் பேணியில் போட்டு வளவில் புதைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்து தோண்டியபோது பேணியின் அடி துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. அத்தனை மாரி மழையும் உள்ளே போயிருக்கிறது. முதல் முறை புதைந்தபோது காசுக்குத் தோல் கிடைத்தது, இரண்டாம் முறை நோய் கிடைத்தது.

படம் எடுத்தவர் ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்த பெரியம்மாவின் மகன். காசைத் தன்னோடு கொண்டுபோய் அங்கே பார்க்கலாம் என்பது அவர் முதல் யோசனை. அது முடியாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருள் தொல்பொருள். உரிய அனுமதியின்றி அதை நாட்டுக்கு வெளியே எடுத்துச் செல்லக் கூடாது. படத்துக்கு அந்தத் தடை இல்லை.

முதலில் வந்த படங்கள் உதவவில்லை. கைபேசியின் பளிச்சொளியில் எடுத்ததால் மேடும் பள்ளமும் ஒன்றாகத் தட்டையாகிவிட்டன. மாற்றி எடுக்கச் சொன்னேன். சன்னலோரம், காசுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளும் சிறு அளவுகோலும். கைபேசி நிறத்தைத் தன் இஷ்டத்துக்கு மாற்றும். தாள் எல்லாப் படத்திலும் வெள்ளையாகத் தெரிந்தால்தான் ஒரு படத்தின் கடும்பச்சையையும் இன்னொன்றின் வெளிர்பச்சையையும் ஒப்பிடலாம். ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு படம். நிறத்துக்கு இருபுறமும் சமமான ஒளி. மேடுபள்ளத்துக்கு இடது மேல் மூலையிலிருந்து சாய்வாக விழும் ஒற்றை ஒளி. ஒளி கீழிருந்து வந்தால் கண் ஏமாறும். நந்தி காசுக்குள் குழிந்து கிடப்பதுபோலத் தோன்றும். படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிப்போய்ப் பொடியும் தோலும் ஒரே பச்சைக் குழம்பாகும். கோப்பாக அனுப்ப வேண்டும்.

வரிசைப்படுத்த மதிப்பெண் போடவில்லை. இன்றைக்கு ஏழு கொடுத்த காசுக்கு நாளைக்கு ஆறு கொடுக்கத் தோன்றும். இரண்டு படங்களைப் பக்கம் பக்கமாக வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்பதுதான் நம்பகமான வழி: எது அதிகம் தேய்ந்தது? விடைக்கேற்ப வரிசையில் சொருக வேண்டும். புதிய படத்தை வரிசையின் நடுவில் இருப்பதோடு முதலில் ஒப்பிட்டு, பிறகு மேல் பாதியிலோ கீழ் பாதியிலோ தேடினால், ஏற்கெனவே பத்துக் காசு நிற்கும் வரிசையில் நான்கு ஒப்பீட்டுக்குள் இடம் கிடைத்துவிடும். தேய்மானத்துக்கு ஒரு வரிசை, நிறத்துக்கும் களிம்புக்கும் ஒன்று, வெட்டு, ஓட்டை, நெளிவுக்கு ஒன்று என்று மூன்றையும் தனித்தனியே போட்டேன். மூன்றையும் கூட்டி ஒரே எண்ணாக்கினால் எந்தக் காரணத்தால் எது கீழே போனது என்று யாருக்கும் தெரியாது.

பதினொன்றில் நான்கைச் சொன்னால் போதும். ஒன்று செம்மஞ்சளாக மின்னியது. படத்தைப் பார்த்த எல்லோரும் அதைத்தான் முதலில் வைத்தார்கள்.

“தம்பி, உந்த மினுங்கிற காசுதானே முதலாவது?” என்று பெரியம்மாவும் கேட்டார்.

“இல்லைப் பெரியம்மா, அதைத்தான் நான் கடைசியில வைச்சிருக்கிறன். புளி போட்டுத் தேய்ச்சிருக்கினம்.”

குத்துவிளக்கைத் துலக்குவதுபோல யாரோ ஒரு காலத்தில் அதைத் துலக்கியிருக்கிறார்கள். புளியின் அமிலம் தோலை உரித்துவிட்டது. எழுத்தின் ஓரங்கள் கரைந்துவிட்டதால் எது தேய்மானம், எது துலக்கல் என்று இனிப் பிரிக்க முடியாது. நிற வரிசையில்தான் அது கடைசி, தேய்மான வரிசையில் அதற்கு இடமே கொடுக்கவில்லை.

இரண்டாவதில் ‘சே’ மட்டும்தான் இருந்தது. சேதம் என்று ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் வில்லையின் ஓரம் வெட்டுப்படாமல் முழுசாக இருக்கிறது, பச்சைத் தோல் ஓரம் வரை ஒரே சீராகப் போகிறது. விலகி அடிபட்ட காசு அது. சேத வரிசையில் அதற்கு எந்தக் குற்றமும் இல்லை. மூன்றாவதில் ஒரு ஓட்டை. உள்விளிம்பிலும் மற்ற இடத்தைப் போலவே பழைய பச்சை படிந்திருப்பதால் ஓட்டை பழையது. மேல்பக்க விளிம்பு மட்டும் வழவழப்பாகத் தேய்ந்திருக்கிறது. கயிற்றில் தொங்கிய காசு. புதிய வெட்டாக இருந்தால் உள்ளே செம்பின் சிவப்பு தெரியும்.

நான்காவதுதான் என் மேசையிலுள்ள படத்தில் இருப்பது. தேய்மான வரிசையில் இதுவே முதல். எழுத்தும் திமிலும் இதைப்போல வேறெதிலும் இல்லை. ஆனால் நந்தியின் முன்காலுக்கு அருகிலும் ‘து’வின் சுழியிலும் கடுகளவு வெளிர்பச்சைப் புள்ளிகள். அவை தோலோடு ஒட்டிய நிறமாக இல்லை. தோலைப் பிளந்து மேலே குவிந்து நிற்கின்றன, பளபளப்பு இல்லை. ஒரே ஒரு படத்தை வைத்து அதை நோய் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது, பழைய படிவாகவும் இருக்கலாம். ஆகவே மெல்லிய தூரிகையால் பொடியைத் தட்டிவிட்டு, சில வாரம் கழித்து அதே சன்னலில் அதே தாளோடு மறுபடி எடுக்கச் சொன்னேன். இரண்டாவது படத்தில் பொடி மறுபடியும் வந்திருந்தது. ‘து’வின் சுழிக்கு உள்ளே புதிதாக ஒரு குழியும் தெரிந்தது.

அதனால் சிகிச்சைக்குப் போகும் பட்டியலில் இதுதான் முதல். பதினொன்றிலும் நன்றாக வாசிக்கக் கிடைக்கும் காசுதான் முதலில் அழியப்போகும் காசு. விலகி அடிபட்டதும் ஓட்டைக் காசும் காத்திருக்கலாம், அவற்றின் பச்சை அசையவில்லை. இப்போதைக்கு இந்தக் காசு மற்றவற்றிலிருந்து பிரிக்கப்பட்டு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இருக்கிறது. அது நோயைக் குணமாக்காது, வேகத்தைக் குறைக்கும். குளோரைடை வெளியே எடுக்கும் வேலை பயிற்சி பெற்ற காப்பாளருடையது. வீட்டில் செய்யக் கூடாது.

தீவகத்தில் இன்னும் எத்தனையோ வீடுகளில் இப்படிப் பேணியிலும் பெட்டியிலும் காசுகள் கிடக்கும். திறந்து பாருங்கள். கழுவாதீர்கள், புளி போடாதீர்கள். வெள்ளைத் தாளோடு இரண்டு பக்கமும் படம் எடுத்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். பொடிக்கும் பச்சை கண்ட காசை மட்டும் அன்றைக்கே மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள்.