வாங்கியவரின் இடத்தில் நிற்பது: முன்வாங்கும் உரிமையின் இந்திய வரலாறு

1885ஆம் ஆண்டு அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு முன் வந்த கோவிந்த் தயாள் வழக்கில் விற்றவர் முஸ்லிம், முன்வாங்கும் உரிமை கோரியவரும் முஸ்லிம், வாங்கியவரோ இந்து. இஸ்லாமியச் சட்டத்தின் ‘ஷுஃபா’ அவரைக் கட்டுப்படுத்துமா என்பதே கேள்வி. நீதிபதி சையது மஹ்மூது அளித்த விடை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. முன்வாங்குதல் என்பது வாங்கியவரிடமிருந்து மீண்டும் விலைக்கு வாங்குவது அன்று. அவருடைய இடத்தில் தான் நிற்பது. கட்டுப்பாடு சொத்தின் மீதே முன்னரே படிந்திருப்பதால், வாங்கியவரின் மதம் பொருட்டல்ல. அவர் ஒப்புக்கொண்ட விலையைச் செலுத்தி, அதே விற்பனையில் உரிமையாளர் நுழைகிறார்.

இவ்வுரிமைக்குக் கடுமையான நிபந்தனைகளும் இருந்தன. விற்பனைச் செய்தி கேட்ட உடனேயே எழுப்பவேண்டிய முதல் கோரிக்கையின் பெயர் ‘தலபே முவாஸபத்’; அச்சொல்லின் அரபு வேர் ‘துள்ளி எழுதல்’ என்பதைக் குறிக்கும். அதன்பின் சாட்சிகள் முன்னிலையில் இரண்டாவது கோரிக்கை. தாமதித்தால் உரிமை போயிற்று.

இதற்கு 15 ஆண்டுகள் முன்பே, 1870இல், சென்னை உயர் நீதிமன்றம் இப்ராஹிம் சாயிபு வழக்கில் நேர்மாறாகத் தீர்ப்பளித்திருந்தது. உடைமையாளரின் விற்பனைச் சுதந்திரத்தைக் குலைக்கும் இவ்வுரிமை நீதிக்கும் நியாயத்துக்கும் ஒவ்வாது என்றது. ஆகவே இந்தியா முழுமைக்கும் பொதுவான ஷுஃபா என்று ஒன்று இருந்ததாகக் கொள்வது பிழை.

ஒப்பந்தத்தின் வழியே வரும் உரிமை வேறு வகை. வங்காளத்தில் இரு சகோதரர்களின் பாகப்பிரிவினைத் தகராறு நடுவர் தீர்ப்பில் முடிந்தது. ஒருவர் தம் பங்கை விற்க நேர்ந்தால் மற்றவருக்கே முதல் வாய்ப்பு என்பது அதன் ஒரு விதி. பின்னர் சொத்து கைமாறியது. வாங்கியவர்களையும் அவ்விதி கட்டுப்படுத்துமா, காலவரையறையற்ற விதி செல்லுமா என்ற வினாக்கள் எழுந்தன. ராம் பரன் பிரசாத் வழக்கில் 1966இல் உச்ச நீதிமன்றம் விதி செல்லும் என்றது. இந்தியச் சட்டத்தில் விற்பனை ஒப்பந்தம் நிலத்தில் எவ்வித உரிமைப் பங்கையும் உருவாக்குவதில்லை. எனவே நிரந்தரக் கட்டுக்கு எதிரான விதி இங்கே பொருந்தாது.

காரணம் நுட்பமானது; விளைவும் இருமுனையுடையது. நிலத்தில் ஒட்டாத கடமை என்பதால் அது நெடுங்காலம் வாழ்கிறது. அதே காரணத்தால், விதியை அறியாமல் விலை கொடுத்து வாங்கியவரிடம், சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, அதனைச் செலுத்த இயலாது. மஹ்மூது விளக்கிய ஷுஃபாவுக்கு இக்குறை இல்லை.

வீட்டுவசதிச் சங்கங்களின் துணைவிதிகளும் இந்த இரண்டாம் வகையையே சேர்ந்தவை. கூட்டுறவுச் சங்கத் துணைவிதிகள் சட்டத்தின் வலிமை பெற்றவை அல்ல, உறுப்பினர்களிடையேயான ஒப்பந்தம் போன்றவை என்று 1969இல் உச்ச நீதிமன்றம் கூறியது. நாற்பது லட்சம் ரூபாய்க்கு வெளியாள் ஒருவர் வாங்க முன்வந்த வீட்டைச் சங்கத்திற்கு முதலில் காட்டவேண்டும் என்று துணைவிதி சொல்லலாம். ஆனால் எத்தனை நாளில் விடை தரவேண்டும், அதே நாற்பது லட்சமா அல்லது நிர்வாகக் குழு குறிக்கும் விலையா என்பதைச் சொல்லாமல் விட்டால், தகராறு அங்கேதான் தொடங்கும். குழு குறைவான விலையைக் குறித்துக்கொள்ளலாம் என்றால், அது முதல் வாய்ப்பு என்ற எல்லையைத் தாண்டி, விற்பனைக்கே இடும் தடையாக மாறுகிறது.