எதிர்வுச் சதுரத்தின் நான்காம் மூலை: இருப்பேற்பு இடம் மாறிய வரலாறு

அரிஸ்டாட்டிலின் அளவையியலில் பொதுப்பெயர்களைக் கொண்டு அமையும் எடுப்புகள் நான்கு வகை. ‘ஒவ்வொரு மனிதரும் வெள்ளையர்’ என்பது நிறைவிதி. ‘எந்த மனிதரும் வெள்ளையர் அல்லர்’ என்பது நிறைமறை. ‘மனிதர் சிலர் வெள்ளையர்’ என்பது குறைவிதி. நான்காவதான குறைமறைதான் இக்கட்டுரையின் பொருள். நான்கையும் ஒரு சதுரத்தின் மூலைகளில் வைத்து, அவற்றுக்கிடையிலான உறவுகளைக் கோடுகளால் காட்டும் வழக்கம் அபுலேயுசின் பெயரில் வழங்கும் 2ஆம் நூற்றாண்டு நூலில் காணப்படுகிறது. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போயத்தியுஸ் எழுதிய லத்தீன் உரைகள் வழியாக அது ஐரோப்பியக் கல்விக்கூடங்கள் எங்கும் பரவியது.

சதுரத்தின் விதிகள் சில. மூலைவிட்டங்களின் முனைகளில் நிற்பவை முரண்கள். அவற்றுள் ஒன்று மெய்யானால் மற்றது பொய். மேலே உள்ள இரண்டு நிறை எடுப்புகளும் ஒருசேர மெய்யாக முடியாது. கீழே உள்ள இரண்டு குறை எடுப்புகளும் ஒருசேரப் பொய்யாக முடியாது. மேலே உள்ளது மெய்யானால் அதன் நேர் கீழே உள்ளதும் மெய்.

இந்த விதிகள் ஒன்றோடொன்று மோதுகின்றன என்பது இருபதாம் நூற்றாண்டுப் பாடநூல்கள் பலவற்றின் தீர்ப்பு. அவற்றின் வாதத்தை ஒரு வெற்றுப் பெயரைக் கொண்டு நடத்திப் பார்க்கலாம். முயற்கொம்பு என்று எதுவும் இல்லை. ஆகவே ‘முயற்கொம்பு சில கூர்மையானவை’ பொய். அதன் முரணாகிய ‘எந்த முயற்கொம்பும் கூர்மையானது அன்று’ மெய். நிறை எடுப்புகள் இரண்டும் சேர்ந்து மெய்யாகா என்பதால் ‘ஒவ்வொரு முயற்கொம்பும் கூர்மையானது’ பொய். அப்படியானால் அதன் முரண் மெய்யாக வேண்டும். அந்த முரணை ‘முயற்கொம்பு சில கூர்மையற்றவை’ என்று எழுதினால், கூர்மையற்ற முயற்கொம்பு ஒன்றாவது உண்டு என்று ஆகிவிடுகிறது. இல்லாத பொருளைச் சதுரமே உண்டாக்கிவிட்டது போலத் தெரிகிறது.

ஆனால் இந்த வாதம் முழுவதும் கடைசி அடியில் குறைமறையை எழுதிய விதத்தின் மேல்தான் நிற்கிறது. அரிஸ்டாட்டில் நிறைவிதியின் முரணைச் சொல்லும் இடங்களில் ‘ஒவ்வொரு மனிதரும் வெள்ளையர் என்பதில்லை’ என்ற வடிவத்தையே கையாள்கிறார். அது நிறைவிதியை மறுக்கிறதே தவிர எதையும் உண்டென்று சொல்லவில்லை. ‘மனிதர் சிலர் வெள்ளையர் அல்லர்’ என்னும் வடிவத்தை மையமாக்கி நிலைநாட்டியவர் போயத்தியுஸ். இரண்டு வடிவங்களும் ஒன்றல்ல என்பதை 12ஆம் நூற்றாண்டில் அபெலார்டு கவனித்துச் சொன்னார். பழைய வடிவத்தை எடுத்துக்கொண்டால் மேற்கண்ட கணக்கு எங்கும் முட்டுவதில்லை. எழுவாய் வெறுமையாக இருக்கும்போது விதி எடுப்புகள் இரண்டும் பொய், மறை எடுப்புகள் இரண்டும் மெய். நான்கு மூலைகளையும் இப்படி நிரப்பிவிட்டு உறவுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தால் எல்லாம் அப்படியே நிற்கக் காணலாம்.

எழுவாய் குறிக்கும் பொருள் உண்டு என்பதை எடுப்பு தன் பொருளிலேயே தாங்கி நிற்பதை இருப்பேற்பு என்போம். அந்தப் பொறுப்பு விதிக்கு உண்டு, மறைக்கு இல்லை என்பதே 14ஆம் நூற்றாண்டில் ஒக்காமும் பூரிடானும் கொண்ட கொள்கை. ‘சில’ என்று தொடங்கும் குறைமறையையும் அவர்கள் அப்படியே படித்தார்கள். கழுதையாக இருக்கும் மனிதர் சிலர் கழுதை அல்லர் என்பதை, எழுவாய் எதையும் குறிக்காததாலேயே மெய் என்று வெனிசு நகரப் பவுல் ஏற்றுக்கொண்டார். நம் காதுக்கு இது இடறலாம். ஆனால் இது கவனமின்மையால் வந்த முடிவு அன்று. சதுரத்தை முழுதாகக் காக்கத் தெரிந்தே கொடுத்த விலை.

பழுது வேறிடத்தில் நுழைந்தது. பயனிலையோடு ‘அல்லாத’ என்பதைச் சேர்த்து மறையை விதியாக்கும் விதியையும், எடுப்பின் இரு பதங்களை இடம் மாற்றும் விதியையும் பிற்காலப் பாடநூல்கள் கட்டுப்பாடின்றிச் சேர்த்துப் பயன்படுத்தின. ‘எந்தக் கல்லும் முயற்கொம்பு அன்று’ மெய். இடம் மாற்றினால் ‘எந்த முயற்கொம்பும் கல் அன்று’. இதுவும் மெய். இதை விதியாக்கினால் ‘ஒவ்வொரு முயற்கொம்பும் கல்லல்லாதது’. இங்கேதான் அடி சறுக்குகிறது. இருப்பேற்பு இல்லாத மறையிலிருந்து இருப்பேற்பு உள்ள விதிக்குத் தாவிவிட்டோம். அடுத்த படியில் ‘கல்லல்லாதவற்றுள் சில முயற்கொம்புகள்’ என்று வருகிறது. மெய்யில் தொடங்கிப் பொய்யில் முடிந்தோம். பூரிடான் இத்தகைய மாற்றங்களுக்கு, பதம் வெறுமையாக இருக்கக்கூடாது என்ற நிபந்தனையை வைத்திருந்தார். நிபந்தனை மறக்கப்பட்ட பிறகு சதுரத்தைக் காக்க ஒரே வழிதான் எஞ்சியது: வெற்றுப் பெயர்களை அளவையியலுக்குள் விடாமல் இருப்பது.

19ஆம் நூற்றாண்டினர் எதிர்த்திசையில் நடந்தார்கள். நிறைவிதி என்பது ‘வெள்ளையரல்லாத மனிதர் இல்லை’ என்னும் மறுப்பே என்று 1874இல் பிரெந்தானோ வாதிட்டார். பூல் 1847இலேயே அதை x(1−y) = 0 என்று எழுதியிருந்தார்; x வெறுமையானாலும் இந்தச் சமன்பாடு மெய்யாகும். 1879இல் வெளியான தம் நூலில் ஃபிரேகே பொதுமை எடுப்பை ஒரு நிபந்தனையின் பொதுமையாக அமைத்தார். இன்றைய குறியீட்டில் நிறைவிதி ∀x(Sx → Px). குறைமறை ∃x(Sx ∧ ¬Px). அந்த நூலில் ஃபிரேகே பழைய சதுரத்தைத் தம் குறியீட்டிலேயே வரைந்தும் காட்டினார். ஆயினும் அவருடைய வரையறைகளின்படி அதன் பக்கக் கோடுகள் நிற்பதில்லை.

மாறியது என்ன என்பதை முயற்கொம்பைக் கொண்டே காணலாம். நிறைமறை முன்போலவே மெய், குறைவிதி முன்போலவே பொய். மற்ற இரண்டும் தலைகீழாகின்றன: நிறைவிதி மெய்யாகிறது, குறைமறை பொய்யாகிறது. மூலைவிட்ட முரண்கள் இரண்டு மட்டும் தப்புகின்றன. முன்பு இருப்பேற்பு விதி, மறை என்ற பிரிவைப் பின்பற்றியது. இப்போது நிறை, குறை என்ற பிரிவைப் பின்பற்றுகிறது. நவீன அளவையியல் ஒரு முரண்பாட்டைத் திருத்தியது என்பதைவிட, இந்தப் பொறுப்பை வேறு மூலைக்கு மாற்றியது என்பதே வரலாற்றுக்குப் பொருந்தும் என்று கருதுகிறேன்.

மாற்றியதில் பெரிய பயன் உண்டு. ஒற்றைப்படை நிறைவெண் ஒவ்வொன்றும் ஒரு பகா எண்ணின் அடுக்கையும் ஒரு வர்க்க எண்ணையும் பெருக்கக் கிடைப்பது என்று ஆய்லர் 18ஆம் நூற்றாண்டில் நிறுவினார். அப்படி ஓர் எண் உண்டா என்பதே இன்றுவரை தெரியாது. பழைய முறையில் இத்தேற்றம் மெய்யா பொய்யா என்று சொல்ல அந்த எண் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். நிபந்தனை வடிவில் அது இப்போதே மெய். பதங்களை எதிராக்கி இடம் மாற்றும் விதியும் இங்கே எந்த நிபந்தனையும் இல்லாமல் செல்லும்.

இழப்பு நியாயத்தொடையில் தெரிகிறது. மரபு ஏற்ற 24 வடிவங்களில் 9 வீழ்கின்றன. டாராப்டி என்னும் வடிவத்தைப் பாருங்கள்: ஒவ்வொரு திமிங்கலமும் பாலூட்டி, ஒவ்வொரு திமிங்கலமும் கடல்வாழ் உயிர், ஆகவே கடல்வாழ் உயிர்களுள் சில பாலூட்டிகள். இதைக் காப்பாற்ற ‘திமிங்கலம் உண்டு’, அதாவது ∃x Sx, என்ற மூன்றாவது முற்கூற்றைச் சேர்த்தால் போதும். முன்பு சொல்லாமல் நின்றது இப்போது வெளிப்படையாக எழுதப்படுகிறது.

பேச்சுவழக்கு இந்த மாற்றத்துக்கு முழுதும் இணங்கிவிடவில்லை. பிள்ளையே இல்லாத ஒருவர் ‘என் பிள்ளைகள் எல்லாரும் உறங்குகிறார்கள்’ என்றால் அது மெய் என்று எவரும் சொல்வதில்லை. அங்கே மெய், பொய் என்ற கேள்வியே எழுவதில்லை என்றும், இருப்பு என்பது எடுப்பின் முன்னனுமானம் என்றும் 1952இல் ஸ்ட்ராசன் வாதிட்டார்.

குறியீட்டு அளவையியலிலிருந்தும் இருப்பேற்பு முற்றாக நீங்கிவிடவில்லை. ∀x Fx என்பதிலிருந்து ∃x Fx என்பதை அது இன்றும் அனுமதிக்கிறது. அளவாக்கிகள் உலவும் களத்தில் ஒரு பொருளாவது இருக்கும் என்று கொள்வதே காரணம். நிபந்தனை சேராத இந்தத் தூய வடிவங்களைக் கொண்டு சதுரம் வரைந்தால் அதன் எல்லாக் கோடுகளும் மீண்டும் செல்லும். வெற்றுக் களத்துக்கும் பொருந்தும் அளவையியலை அமைக்க 1934இல் யஷ்கோவ்ஸ்கியும் 1954இல் குவைனும் முயன்றார்கள். பொதுப் பாடநூல்களோ களம் வெறுமையாகாது என்ற வழக்கத்தையே பின்பற்றுகின்றன.