வளர்ச்சி ஓய்ந்துதான் தீருமா?

1951-ஆம் ஆண்டில் தொடங்கிய நமது முதல் ஐந்தாண்டுத் திட்டத்தின் அடியில் ஓர் எளிய கணக்கு இருந்தது. நாட்டின் மூலதனம் மூன்று ரூபாய் கூடினால் ஆண்டு வருமானம் ஏறத்தாழ ஒரு ரூபாய் கூடும் என்பதே அது. மூலதனம் பெருகப் பெருக இவ்விகிதம் மாறாது நிற்குமா என்பது பொருளியலறிஞரிடையே நெடுநாள் வாதமாயிற்று.

ஒரு நாட்டைக் கற்பனை செய்வோம். அதன் மூலதனம் 300 கோடி ரூபாய். ஆண்டு வருமானம் 100 கோடி. மக்கள்தொகை மாறவில்லை. வருமானத்தில் 18 கோடியைச் சேமித்து முதலீடு செய்கிறார்கள். இயந்திரங்களும் கட்டடங்களும் ஆண்டுக்கு 4 சதவீதம் தேய்வதால், பழையதை ஈடுசெய்யவே 12 கோடி செலவாகிவிடும். எஞ்சிய 6 கோடியால் மூலதனம் 2 சதவீதம் வளரும்.

இவ்வளர்ச்சி நிலைக்காது என்று அமெரிக்கப் பொருளியலறிஞர் ராபர்ட் சோலோ 1956-இல் காட்டினார். அதே தொழிலாளர் கையில் மேலும் மேலும் இயந்திரங்களைக் கொடுத்தால், பின்வரும் ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் குறைவாகவே பயன்தரும். மூலதனம் நான்கு மடங்காகும்போதெல்லாம் வருமானம் இரு மடங்கே ஆகும் என்று கொள்வோம். அப்படியானால் மூலதனம் 675 கோடியை எட்டுகையில் வருமானம் 150 கோடிதான். சேமிப்பு 27 கோடி. தேய்மானமும் 27 கோடி. புதிதாகச் சேர்வது ஒன்றுமில்லை, வளர்ச்சி நின்றுவிடும். சேமிப்பைக் கூட்டினால் சற்று உயர்ந்த படியில் நிற்கும், அவ்வளவே. அதற்குமேல் வளர்ச்சி வேண்டுமாயின், தொழில்நுட்ப முன்னேற்றம் வெளியிலிருந்து வரவேண்டும்.

1962-இல் மார்வின் ஃபிராங்கல் வேறொரு வழி கண்டார். ஒரு நெசவாலை புதிய தறிகளை நிறுவும்போது அதன் தொழிலாளர் புதுத்திறன் பெறுகின்றனர்; அத்திறன் அண்டை ஆலைகளுக்கும் பரவுகிறது. தனியோர் ஆலைக்கு மூலதனத்தின் பயன் குறைந்துகொண்டே போகலாம். ஆயினும் நாடு முழுமைக்கும், பரவிய அறிவு அக்குறையை நிரப்பிவிடும். அப்போது 675 கோடி மூலதனம் 225 கோடி வருமானம் தரும். சேமிப்பு 40.5 கோடி; தேய்மானம் போக எஞ்சுவது 13.5 கோடி. அதுவும் மூலதனத்தில் அதே 2 சதவீதமே! சேமிப்பை 21 சதவீதமாக உயர்த்தினால், வளர்ச்சி என்றென்றைக்கும் 3 சதவீதமாகும். அறிவு இவ்வாறு பரவும் என்ற கருத்தைப் பால் ரோமர் 1986-இல் மீண்டும் ஆராய்ந்தார். கல்வியால் வரும் திறனையும் மூலதனமாகவே எண்ண வேண்டுமென்று செர்ஜியோ ரெபெலோ 1991-இல் விளக்கினார்.

இதிலும் ஓர் இடர் உண்டு. அறிவு அக்குறையைச் சரியாக நிரப்ப வேண்டும். சிறிது குறைந்தாலும் வளர்ச்சி மெல்ல ஓயும். மேலும், முதலீட்டு விகிதம் உயர்ந்தால் வளர்ச்சியும் நிலையாக உயர்ந்தாக வேண்டும். சார்லஸ் ஜோன்ஸ் 1995-இல் இதனைச் சோதித்தார். போருக்குப் பின் முன்னேறிய நாடுகள் பலவற்றில் முதலீட்டு விகிதம் உயர்ந்தும், வளர்ச்சி வேகம் அவ்வாறு உயரவில்லை என்று கண்டார்.

ஆகவே வளர்ச்சி ஓய்ந்தே தீரும் என்னும் விதி இல்லை. ஆனால் அது ஓயாதிருப்பது, குவியும் இயந்திரங்களோடு எவ்வளவு அறிவு உடன் பரவுகிறது என்பதையே பொறுத்தது.